வெறும் வயிற்றில் எலுமிச்சை, சீரகம், வெந்தயத் தண்ணீர்: குறைந்த எடை எங்கிருந்து குறைந்தது?

பகல்நிலா:
இரண்டு மாதமாகக் காலையில் எழுந்ததும் வெந்தயத் தண்ணீர் குடிக்கிறேன். முதல் நாள் இரவு ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி வெந்தயத்தை ஊறப்போட்டு, காலையில் வடிகட்டி வெதுவெதுப்பாக்கிக் குடிப்பேன். சில நாள் அதற்குப் பதில் அரை எலுமிச்சம்பழம் பிழிந்த வெந்நீர். முதல் இரண்டு வாரத்தில் 2.6 கிலோ இறங்கியது. வீட்டில் எல்லோருக்கும் சொல்லிக் கொண்டாடினேன். அதற்கப்புறம் எடை மெஷின் முள் ஒரே இடத்தில் நிற்கிறது. ஒருநாள் அரை கிலோ குறையும், மறுநாள் ஏறிவிடும்.

வாட்ஸப் குழுவில் கேட்டால் வெந்தயத்தை இரண்டு மடங்காக்கு, சீரகமும் சேர்த்துக் கொதிக்க வை என்கிறார்கள். அளவுதான் பிரச்சினையா? அல்லது உடம்புக்குப் பழகிவிட்டதா?

மூன்றாம்மாடி:
பழகிவிட்டது, அவ்வளவுதான். சீரகத்துக்கு மாறுங்கள். சீரகம் எடையைக் குறைக்கும் என்று ஆய்விலேயே நிரூபித்திருக்கிறார்கள், இது வாட்ஸப் கதை இல்லை. அப்புறம் தண்ணீர் சூடாகவே இருக்கட்டும். கொழுப்பு சூட்டில்தான் இளகும். எலுமிச்சை கல்லீரலில் தங்கிய நச்சை வெளியேற்றும். மூன்றையும் முறை வைத்துக் குடித்தால் உடம்பு ஏமாறாது.

எறும்பு:
பகல்நிலா, மருத்துவமனையில் உணவு ஆலோசகராக வேலை பார்க்கிறேன். உங்களைப் போல் வாரத்துக்கு நாலு பேராவது இதே கேள்வியோடு வருவார்கள். பதில் சொல்லும் முன் எனக்குச் சில விவரம் வேண்டும். இதைத் தொடங்குவதற்கு முன் காலையில் என்ன குடித்தீர்கள்? அதே நாளில் வேறு எதையாவது நிறுத்தினீர்களா? எலுமிச்சைத் தண்ணீரில் தேன் உண்டா? வெந்தயத்தை வடிகட்டிய பிறகு என்ன செய்கிறீர்கள்?

பகல்நிலா:
முன்பு பால் காபி, இரண்டு கரண்டி சர்க்கரையோடு. கூட மூன்று க்ரீம் பிஸ்கட். வெந்தயம் குடித்தால் ஒரு மணி நேரத்துக்கு ஒன்றும் சாப்பிடக் கூடாது என்றதால் இரண்டையும் விட்டுவிட்டேன். இரவு டிவி முன்னால் கைப்பிடி நொறுக்குத் தீனி பழக்கம் இருந்தது, அதையும் நிறுத்தினேன். தேன் முதலில் இல்லை. புளிப்பு தாங்காமல் போன மாதத்திலிருந்து இரண்டு தேக்கரண்டி சேர்க்கிறேன். வெந்தயத்தைச் செடித்தொட்டியில் கொட்டிவிடுவேன்.

எறும்பு:
சரி, கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

100 மில்லி பாலும் இரண்டு கரண்டி சர்க்கரையும் சேர்ந்த காபி ஏறக்குறைய 100 கலோரி. மூன்று க்ரீம் பிஸ்கட் 150 வரும். எண்ணெயில் பொரித்த நொறுக்குத் தீனி ஒரு கைப்பிடி என்றால் இன்னொரு 150. ஆக நாளுக்கு 400 கலோரி உங்கள் தட்டிலிருந்து போயிருக்கிறது. இரண்டு வாரத்துக்கு 5600. ஒரு கிலோ உடல் கொழுப்பு கரைய சுமார் 7700 கலோரி குறைய வேண்டும் என்பது நாங்கள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. அப்படிப் பார்த்தால் நீங்கள் இழந்த கொழுப்பு முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அது அத்தனையும் காபி, பிஸ்கட், நொறுக்குத் தீனியை விட்டதாலேயே வந்துவிடுகிறது. வெந்தயத்துக்கென்று ஒதுக்க மிச்சம் இல்லை.

மீதி ஏறக்குறைய இரண்டு கிலோ என்ன? பெரும்பாலும் தண்ணீர். கல்லீரலிலும் தசையிலும் உடம்பு கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்தைச் சேமித்து வைத்திருக்கும். அது ஒரு கிராம் இருந்தால் கூடவே மூன்று கிராம் தண்ணீரையும் பிடித்து வைத்திருக்கும். சாப்பாடு குறைந்த முதல் நாட்களில் உடம்பு முதலில் கைவைப்பது இந்தச் சேமிப்பில்தான். 300 கிராம் கிளைக்கோஜன் செலவானால் தராசில் 1.2 கிலோ குறைந்து தெரியும். நொறுக்குத் தீனியோடு உப்பும் போனதால் அந்த உப்பு பிடித்து வைத்திருந்த நீரும் இறங்கும். குடலில் இருக்கும் உணவின் எடையும் கொஞ்சம் குறையும். எந்த உணவுமுறையைத் தொடங்கினாலும் முதல் இரண்டு வாரம் இப்படித்தான் போகும். அந்த இரண்டு வாரத்தில் எது கையில் இருந்ததோ அதற்கே பெருமை போய்ச் சேரும்.

இப்போது ஏன் நிற்கிறது? தண்ணீர் ஒருமுறைதான் இறங்கும். அதற்குப் பிறகு கொழுப்பு குறைந்தாலும் வாரத்துக்கு முந்நூறு, நானூறு கிராம்தான் குறையும். ஒரே நாளில் ஒரு கிலோ ஏறி இறங்கும் நீரின் ஆட்டத்தில் அது கண்ணுக்குத் தெரியாது. மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் இன்னும் மோசம். அதோடு இரண்டு தேக்கரண்டி தேன் 40 கலோரிக்கு மேல். காபியில் விட்ட சர்க்கரை தேனாகத் திரும்பி வந்துவிட்டது. மதியச் சாப்பாடு முன்பை விடக் கூடியிருக்கிறதா என்பதையும் நேர்மையாகப் பாருங்கள். காலையில் விட்டதை மதியம் பிடிப்பது எல்லோருக்கும் நடப்பது.

பகல்நிலா:
மதியம் கூடியிருக்கிறது. பசி தாங்குவதில்லை. அப்படியானால் வெந்தயத்தில் ஒன்றுமே இல்லையா? பசியைக் கட்டும் என்றுதானே சொல்கிறார்கள்?

எறும்பு:
வெந்தயத்தில் சரக்கு இருக்கிறது. ஆனால் அது செடித்தொட்டிக்குப் போகிறது!

வெந்தய விதையின் எடையில் ஏறக்குறைய பாதி நார்ச்சத்து. அதில் ஒரு பகுதி நீரில் ஊறிக் கொழகொழவென்று ஆகும் வகை. பசி தாமதமாவதும் சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை மெதுவாக ஏறுவதும் முக்கியமாக அந்தக் கொழகொழப்பால்தான். முழு விதையை ஊறவைத்தால் மேலோட்டமாகக் கொஞ்சம் தண்ணீரில் இறங்கும், விரலில் வழவழப்பு தெரியும். பெரும்பகுதி விதைக்குள்ளேயே நிற்கும். ஒரு தேக்கரண்டி வெந்தயம் 4 கிராம்கூட இராது. அதை மென்று தின்றாலே 2 கிராம் நார் கிடைத்தால் அதிகம். பருமன் உள்ளவர்களிடம் பசி குறைகிறதா என்று பார்த்த ஒரு சோதனையில் பலன் தெரிந்தது 8 கிராம் பிரித்தெடுத்த வெந்தய நாரைக் கொடுத்தபோது. அதையும் காலை உணவோடு கொடுத்தார்கள்.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது அந்த ‘உணவோடு’ என்பதைத்தான். இந்த நார் வேலை செய்ய வேண்டுமென்றால் சாப்பாட்டோடு கலந்து வயிற்றில் இருக்க வேண்டும். மாவுச்சத்தைச் சுற்றிக் கொண்டு அது குடலுக்குப் போவதைத் தாமதப்படுத்த வேண்டும். வெறும் வயிற்றில் குடித்த மெல்லிய திரவம் அரை மணிக்குள் பெரும்பாலும் வயிற்றை விட்டு இறங்கிவிடும். நீங்கள் ஒரு மணி நேரம் காத்திருந்து சாப்பிடும்போது தடுத்து நிறுத்த அங்கே ஆள் இல்லை.

எலுமிச்சையிலும் இதே கதைதான். ரொட்டியோடு எலுமிச்சைச் சாறு குடித்தால் இரத்தச் சர்க்கரையின் உச்சம் குறைவதைப் பார்த்திருக்கிறார்கள். மாவுச்சத்தை உடைக்கும் உமிழ்நீர் நொதியைப் புளிப்பு முடக்குவதுதான் காரணம் என்கிறார்கள். அங்கே கொடுத்தது 250 மில்லி சாறு, அதையும் ரொட்டியோடு. நீங்கள் பிழிவது அரைப் பழம், 20 மில்லிதான் வரும். அதற்கும் உணவுக்கும் நடுவே ஒரு மணி நேரம்.

மூன்றாம்மாடி:
நல்ல விளக்கம், ஆனால் சீரகத்தைத் தொடவே இல்லையே. அது இரானில் மனிதர்களிடம் செய்த ஆய்வு, எலியிடம் இல்லை. எண்பத்தெட்டுப் பெண்கள், மூன்று மாதம். சீரகம் எடுத்தவர்களுக்குத்தான் எடை அதிகம் குறைந்தது. இதை எப்படி மறுப்பீர்கள்?

எறும்பு:
மறுக்கவில்லை. 2014-இல் வந்த அந்த ஆய்வை நானும் படித்திருக்கிறேன். நீங்கள் விட்டுவிட்ட இரண்டு விஷயத்தை மட்டும் சேர்க்கிறேன்.

கொடுத்தது சீரகத் தண்ணீர் இல்லை. நாளுக்கு 3 கிராம் சீரகப் பொடி, தயிரில் கலந்து, இரண்டு வேளையாகப் பிரித்து. பொடி முழுதாக உள்ளே போனது. கொதிக்கவைத்து வடிகட்டிய தண்ணீரில் வாசனை எண்ணெயும் நிறமும் வரும், மற்றதெல்லாம் வடிகட்டியில் நிற்கும். இரண்டாவது, இரு குழுவுக்குமே எடை குறைப்பதற்கான உணவு ஆலோசனை கொடுத்திருந்தார்கள். சீரகம் இல்லாத வெறும் தயிர்க் குழுவுக்கும் எடை குறைந்தது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் சீரகத்தின் கணக்கில் எழுத முடியும். யாருக்குச் சீரகம் போனது என்பதை மறைக்கவும் வழியில்லை. முதல் கரண்டியிலேயே வாசனை காட்டிக் கொடுத்துவிடும். தனக்கு மருந்து கிடைக்கிறது என்று தெரிந்தவர் சாப்பாட்டிலும் கொஞ்சம் கவனமாக இருப்பார்.

ஆகவே உணவைக் குறைத்துக் கொண்டிருப்பவருக்குச் சீரகப் பொடி சிறிது கூடுதலாக உதவக் கூடும் என்ற அளவுக்கு நான் ஒப்புக்கொள்வேன். அதை வைத்துச் சீரகத் தண்ணீர் கொழுப்பைக் கரைக்கும் என்றால் மாட்டேன்.

சூட்டால் கொழுப்பு இளகும் என்றீர்கள். குடித்த வெந்நீர் உடல் வெப்பத்துக்கு வந்துவிடும், அவ்வளவுதான். கலோரி செலவு பார்த்தால் குளிர்ந்த நீர்தான் மேல், அதுவும் பெயருக்குத்தான். அறை வெப்பத்தில் இருக்கும் 300 மில்லி நீரை 37 டிகிரிக்குக் கொண்டுவர உடம்புக்கு நாலு கலோரிகூட ஆகாது.

சும்மாஇருப்பவன்:
எடைக் கணக்கு உங்களுக்குள் இருக்கட்டும். எலுமிச்சை குடிப்பவர்கள் என் பல்லைப் பாருங்கள். அரைப் பழத்தை ஒரு லிட்டர் பாட்டிலில் பிழிந்து, அலுவலக மேசையில் வைத்துக் காலை முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சுவேன். குடிக்கத் தொடங்குவது வெறும் வயிற்றில், வீட்டில். உடனே பல் துலக்கிவிட்டுக் கிளம்புவேன். ஒரு வருஷம் போனதும் ஐஸ் தண்ணீர் பட்டாலே மின்னல் அடித்த மாதிரி கூச்சம். பல் மருத்துவர் கண்ணாடியைக் கையில் கொடுத்துக் காட்டினார். முன்பற்களின் விளிம்பு மெலிந்து கண்ணாடி போல ஒளி ஊடுருவுகிறது, கடைவாய்ப் பல்லின் முனைகளில் சின்னச் சின்னக் குழி. என்ன குடிக்கிறீர்கள் என்றுதான் முதலில் கேட்டார். எடையும் குறையவில்லை, அது வேறு விஷயம்.

எறும்பு:
அந்த இரண்டு அடையாளமும் அமில அரிப்பின் அடையாளங்கள். பல் எனாமல் கரையத் தொடங்கும் எல்லை pH 5.5 அளவில். எலுமிச்சைச் சாறு 2-க்கும் 2.5-க்கும் நடுவே. தண்ணீர் கலந்தாலும் எல்லைக்குக் கீழேதான் நிற்கும். ஒரே மூச்சில் குடித்தால் உமிழ்நீர் சிறிது நேரத்தில் சரி செய்துவிடும். மணிக்கணக்கில் உறிஞ்சினால் அதற்கு அவகாசமே கிடைக்காது. அமிலம் பட்டு இளகிய எனாமலின் மேல் உடனே பிரஷ் போட்டது இன்னொரு அடி. குடிக்கத்தான் வேண்டுமென்றால் பல் துலக்கிவிட்டுக் குடியுங்கள், ஒரே தடவையில் முடியுங்கள், வெறும் தண்ணீரால் வாய் கொப்பளியுங்கள். பிறகு துலக்குவதானால் அரை மணியாவது போகட்டும்.

கல்லீரல் நச்சு பற்றி மூன்றாம்மாடி சொன்னதற்கும் ஒரு வரி. கல்லீரல் தன் வேலையை எலுமிச்சை இல்லாமலேயே செய்துகொள்ளும். எலுமிச்சைக்கு உருப்படியான பயன் வேண்டுமென்றால், சிறுநீரில் சிட்ரேட் குறைவாக இருந்து சிறுநீரகக் கல் வரும் சிலருக்கு மருத்துவரே சொல்வதுண்டு.

ரயில்பூச்சி:
நான் தைராய்டு மாத்திரையை வெந்தயத் தண்ணீரோடு விழுங்குகிறேன். இரண்டுமே வெறும் வயிற்றில்தானே? அதிலும் எடை குறையும் என்கிறார்களே, எது முதலில்?

எறும்பு:
ரயில்பூச்சி, இதை மட்டும் இன்றே மாற்றுங்கள். தைராய்டு மாத்திரை எடை குறைக்கும் மருந்து இல்லை. அதை வெறும் தண்ணீரோடு மட்டும் விழுங்க வேண்டும், அரை மணியிலிருந்து ஒரு மணி வரை வேறு எதுவும் கூடாது. நார் உள்ள எதுவும் மாத்திரை உடம்பில் சேர்வதைக் குறைக்கலாம். சேர்வது குறைந்து தைராய்டு மந்தமானால் எடை ஏறத்தான் செய்யும். அடுத்த முறை தைராய்டுக்கான டிஎஸ்ஹெச் இரத்தப் பரிசோதனை பார்க்கும்போது இவ்வளவு நாள் எப்படிச் சாப்பிட்டீர்கள் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

குடைராட்டினம்:
எறும்பு அக்கா, என் அப்பாவுக்குச் சர்க்கரை நோய். கிளிமிபிரைடு மாத்திரை. போன மாதம் எடையும் சர்க்கரையும் சேர்ந்து குறையும் என்று நம்பி வெந்தயத் தண்ணீர் தொடங்கினார். வழக்கம் போல எட்டு மணிக்கு மாத்திரை போட்டார், வெந்தயத்துக்கு இடைவெளி விட வேண்டுமென்று சாப்பாட்டைப் பத்து மணிக்குத் தள்ளினார். ஒன்பதரைக்குக் கை நடுக்கம், சட்டை நனைகிற மாதிரி வியர்வை, கேட்டதற்குச் சம்பந்தமில்லாத பதில். மீட்டரில் பார்த்தால் 58. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துச் சரியாயிற்று. அவர் இப்போது எல்லோரிடமும் வெந்தயம் எவ்வளவு சக்தி பாருங்கள் என்று பெருமையாகச் சொல்கிறார்!

எறும்பு:
தம்பி, பெருமை வெந்தயத்துக்குப் போக வேண்டியதில்லை. கிளிமிபிரைடு கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும். சாப்பாடு வந்தாலும் வராவிட்டாலும் அது பார்ப்பதில்லை. அதனால்தான் காலை உணவோடு போடச் சொல்கிறார்கள். மாத்திரை வேலை செய்யத் தொடங்கிய நேரத்தில் வயிறு காலி. 58-க்கு அதுவே போதும். வெந்தயத்துக்கும் கொஞ்சம் சர்க்கரை குறைக்கும் குணம் உண்டு என்பதால் அதுவும் சற்று இறக்கியிருக்கலாம். ஆனால் முக்கியக் குற்றவாளி அந்த இரண்டு மணி நேர இடைவெளிதான்.

70-க்குக் கீழே போனால் 15 கிராம் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி கழித்து மறுபடி பாருங்கள். ஏறியதும் உணவு கொடுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நேராக மருத்துவமனைக்குத்தான். இந்த 58-ஐ அவருடைய மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் வெந்தயத்தை மருந்து அளவில் தாங்களாக எடுக்க வேண்டாம். வேர்க்கடலை, கொண்டைக்கடலை ஒவ்வாமை உள்ள சிலருக்கு வெந்தயமும் ஒத்துக்கொள்ளாது.

மூன்றாம்மாடி:
பாருங்கள், வெந்தயம் சர்க்கரையைக் குறைக்கும் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். தண்ணீரில் ஊறவைத்துக் கொடுத்தே பலன் கண்ட ஆய்வும் இருக்கிறது. அப்படியானால் தண்ணீரில் ஒன்றும் இறங்காது என்பது எப்படி?

எறும்பு:
அந்த ஆய்வில் 10 கிராம் வெந்தயப் பொடியை வெந்நீரில் ஊறவைத்து அப்படியே உள்ளே அனுப்பினார்கள். பொடி செய்தால் கதை மாறும், உள்ளே இருப்பது வெளியே வரும். மிகச் சிறிய ஆய்வு, எட்டு வாரம், சர்க்கரை நோயாளிகளிடம். 1990-இல் வந்த பழைய ஆய்வு ஒன்றில் நாளுக்கு 100 கிராம் கொழுப்பு நீக்கிய வெந்தயப் பொடியை உணவில் சேர்த்தார்கள். சிறுநீரில் போகும் சர்க்கரை பாதிக்கு மேல் குறைந்தது. 100 கிராம்! ஒரு தேக்கரண்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

முழு விதையை ஊறவைத்து வடித்த தண்ணீருக்குச் சொந்தமாகச் சிறிதளவாவது பலன் உண்டா என்றால், இல்லை என்று அடித்துச் சொல்ல மாட்டேன். எடை குறைக்கும் அளவுக்கு இருந்திருந்தால் என்னிடம் வருபவர்களில் சிலரிடமாவது தெரிந்திருக்கும்.

பகல்நிலா:
அப்படியானால் காலையில் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிடவா?

எறும்பு:
வேண்டாமே. தண்ணீருக்கே ஒரு பலன் உண்டு, நேரம்தான் வேறு. பருமன் உள்ளவர்கள் ஒவ்வொரு முக்கியச் சாப்பாட்டுக்கும் அரை மணி முன் அரை லிட்டர் வெறும் தண்ணீர் குடித்துப் பார்த்த பிரிட்டன் ஆய்வு ஒன்று 2015-இல் வந்தது. பன்னிரண்டு வாரத்தில் மற்றவர்களை விட ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாகக் குறைந்தார்கள். பெரிய அதிசயம் இல்லை, ஆனால் காசு செலவில்லாதது, எலுமிச்சையும் தேவையில்லாதது. உங்களுக்குப் பசி எகிறுவது மதியம் என்பதால் அந்த வேளையில் முயன்று பாருங்கள். இதய, சிறுநீரகக் கோளாறுக்காகத் தண்ணீரைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் இதைச் செய்யக் கூடாது.

வெந்தயத்தை விட மனமில்லை என்றால், ஊறிய விதையைக் கொட்டாமல் சாப்பாட்டின் தொடக்கத்தில் மென்று சாப்பிடுங்கள். நிறையத் தண்ணீர் சேருங்கள், அளவை மெதுவாகக் கூட்டுங்கள். ஒரேயடியாக ஏற்றினால் வயிறு உப்பி, பேதியாகும். அதையும் சிலர் எடை குறைகிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

வெந்தயத்தின் வேலைதானா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி. தேனை விட்டுவிடுங்கள். காபி, பிஸ்கட், நொறுக்குத் தீனி இப்போது போலவே வேண்டாம். மூன்று வாரம் வெந்தயத் தண்ணீருக்குப் பதில் வெறும் தண்ணீர். தினமும் எழுந்து கழிப்பறை போய் வந்ததும் எடை பாருங்கள், ஒற்றை நாளைப் பார்க்காமல் ஏழு நாள் சராசரியை எழுதுங்கள். தொப்புள் மட்டத்தில் இடுப்பளவும் வாரம் ஒருமுறை. அடுத்த மூன்று வாரம் வெந்தயத்தோடு. மாதவிடாய் வாரம் இரண்டு பக்கத்திலும் ஒரே இடத்தில் விழாவிட்டால் ஒப்பீடு கோணலாகும், அதை மட்டும் கவனியுங்கள்.

பகல்நிலா:
வெறும் தண்ணீர் மூன்று வாரமா? வீட்டில் விடமாட்டார்கள், அதனால்தான் எடை ஏறியது என்பார்கள். ஆனால் தேனை நாளையிலிருந்து நிறுத்துகிறேன். மதியத்துக்கு முன் தண்ணீரும்.

மூன்றாம்மாடி:
நான் விதையை மென்றுதான் சாப்பிடுகிறேன், இரண்டு கரண்டி. பதினோரு மணிப் பசி எனக்குப் போய்விட்டது. ஆய்வு என்ன சொன்னாலும் இது என் வயிறு.

எறும்பு:
விதையோடு என்றால் நான் எங்கே மறுத்தேன்? இரண்டு கரண்டிக்குப் பசி அடங்குவது சிலருக்கு நடக்கலாம். எடை எவ்வளவு குறைந்தது?

மூன்றாம்மாடி:
எடை பார்ப்பதில்லை. பேண்ட் தளர்ந்திருக்கிறது. ஆனால் வியர்வையில் ஏதோ வெல்லப்பாகு காய்ச்சிய மாதிரி வாடை வருகிறது, மனைவி கேட்கிறாள். அதுவும் வெந்தயமா?

எறும்பு:
வெந்தயம்தான். சோட்டலோன் என்ற மணப்பொருள் அப்படியே வியர்வையிலும் சிறுநீரிலும் வரும், ஆபத்தில்லை. நிறுத்திய சில நாளில் போய்விடும். பேண்ட் தளர்ந்தது அதனால் இல்லை!